ஆறு இருபதா, ஐந்து நாற்பதா?

கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வாசகசாலையின் பின்னறையில் ரீசனிங் வகுப்பு எடுக்கிறேன். பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். பாதிப்பேர் கேரள பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள், மீதிப்பேர் ரயில்வேக்கும் எஸ்.எஸ்.சி.க்கும். வகுப்பு ஐந்தேகாலுக்கு முடியும். பொள்ளாச்சிக்கு எனக்கு வசதியான பஸ் ஆறு பத்துக்கு. இடையில் இருக்கும் நேரத்தை ஒருநாள் முடிவெட்டப் பயன்படுத்தினேன். ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே சலூன். வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள், உட்கார்ந்தேன், என் முறை வந்ததும் நாற்காலியில் சாய்ந்தேன், தலையில் தண்ணீர் அடித்ததும் கண் சொக்கிவிட்டது.

கண் விழித்தபோது எதிரே கண்ணாடியில் கடிகாரம் தெரிந்தது. எண்கள் இல்லாத வெள்ளை முகம், பன்னிரண்டு கறுப்புக் கோடுகள் மட்டும். மணி ஐந்து நாற்பது. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கிறதே என்று ஷேவிங்கும் செய்யச் சொன்னேன். சோப்பு போட்டு, வழித்து, படிகாரம் தேய்த்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடி பார்த்தால் மணி ஐந்து முப்பது.

அந்த ஒரு விநாடி எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. அப்புறம்தான் விநாடி முள் இடப்பக்கமாகச் சுற்றுவதைக் கவனித்தேன். கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருப்பது அதன் பிம்பம். திரும்பிப் பார்த்தேன். ஆறரை. "கண்ணாடியில பாத்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார் சலூன்காரர், துண்டை உதறிக்கொண்டே. "வாரத்துக்கு ஒருத்தருக்காவது பஸ் போயிருமுங்க."

அன்று மதியம்தான் கண்ணாடி பிம்பக் கடிகாரக் கணக்கு நடத்தியிருந்தேன்.

கணக்கு என்று பார்த்தால் இதைவிடச் சுலபமானது இல்லை. கண்ணாடியில் தெரியும் நேரத்தை 11:60 இலிருந்து கழித்தால் உண்மை நேரம். 11:60 என்பது பன்னிரண்டு மணிதான், நிமிஷத்தில் கடன் வாங்காமல் கழிப்பதற்காக அப்படி எழுதிக்கொள்கிறோம். தெரிவது 5:40, கழித்தால் 6:20. தெரிவது 5:30, கழித்தால் 6:30. தெரியும் நேரமே பன்னிரண்டைத் தாண்டியிருந்தால், உதாரணமாக 12:25 என்றால், 23:60 இலிருந்து கழித்து 11:35 என்று எடுக்க வேண்டும். நான் ஏமாந்ததற்குக் காரணம் தூக்கம் மட்டுமல்ல, அந்த வேளையும்தான். மதியம் மூன்றேமுக்காலுக்குக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் எட்டேகால் என்று காட்டியிருக்கும், வெளியே வெயில் அடிக்கும்போது யாரும் அதை நம்ப மாட்டார்கள். ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அக்கம்பக்கத்தில்தான் பொய் மெய்யை ஒட்டி நிற்கிறது. சரியாக ஆறுக்கும் சரியாகப் பன்னிரண்டுக்கும் இரண்டும் ஒன்றே.

அடுத்த வாரம் வகுப்பில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். இதோடு முடிந்திருந்தால் எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி பிம்பத்திலிருந்து தண்ணீரில் விழும் பிம்பத்துக்குப் போனபோது நான் வேறொரு இடத்தில் வழுக்கினேன். அது பஸ்ஸை விட்டதைவிட மோசம், ஏனென்றால் பதினைந்து பேருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நம்பர் பிளேட்டில் தொடங்கினால்

எழுத்துகளை நான் எப்போதும் வண்டி நம்பர் பிளேட்டை வைத்துத்தான் ஆரம்பிப்பேன். எல்லையோர ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வாசகசாலை வாசலில் பாதி வண்டி TN 41, பாதி KL 09. TN 41 ஐக் கண்ணாடியில் காட்டினால் இரண்டு காரியம் நடக்கும். வரிசை தலைகீழாகும், அதாவது இடமிருந்து வலமாக முதலில் 1, அப்புறம் 4, N, T. அதோடு ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இடவலம் மாறும். T மாறினாலும் அதேதான், வெறும் கோடாக எழுதிய 1 உம் அதேதான். N இன் சாய்வுக்கோடு எதிர்ப்பக்கம் சாயும், 4 முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீரில் காட்டினால் வரிசை மாறாது. T தலைகீழாக நிற்கும், 4 குட்டிக்கரணம் அடிக்கும், N இன் சாய்வு மறுபடியும் எதிர்ப்பக்கம் போகும், 1 அப்படியே இருக்கும். வரிசை மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலே நான்கு விடைகளில் ஒன்றிரண்டு கழிந்துவிடும்.

KL 09 இல் பொறி வேறு. கண்ணாடியில் L திரும்பும்போது J மாதிரி ஆகும், ஆனால் J ஆகாது, அதற்கு வளைவு கிடையாது. விடைகளில் ஒன்றில் J போட்டிருப்பார்கள். தண்ணீரில் K உம் 0 உம் மாறாமல் இருக்கும், L இன் கிடைக்கோடு மேலே ஏறும். 9 தான் எல்லோரையும் கவிழ்க்கும். தண்ணீரில் 9 போட்டால் 6 வரும் என்று கையைத் தூக்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. 9 ஐத் தாளோடு சேர்த்துத் தலைகீழாகச் சுற்றினால்தான் 6. தண்ணீர் எதையும் சுற்றுவதில்லை, மேலதைக் கீழாக்குகிறது, இடது இடதாகவே இருக்கிறது. அதனால் கிடைப்பது இடவலம் திரும்பிய 6. சந்தேகம் வந்தால் ரஃப் தாளில் அழுத்தி எழுதி, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி பிம்பம். மாதக் காலண்டர் தாளைக் கீழிருந்து மேலே தூக்கிப் போடுவதுபோல் திருப்பிப் பிடித்தால் நீர் பிம்பம். தாளை மேசைமேலேயே வைத்துச் சுற்றினால் இரண்டும் இல்லை.

மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் பட்டியல் சின்னதுதான். கண்ணாடியில் மாறாதவை A, H, I, M, O, T, U, V, W, X, Y. தண்ணீரில் மாறாதவை B, C, D, E, H, I, K, O, X. எண்களில் 0 உம் 8 உம் இரண்டிலும் மாறாது, 3 தண்ணீரில் மட்டும் மாறாது. இவையெல்லாம் அலங்காரம் இல்லாத அச்செழுத்துக்குத்தான். மூக்கு வைத்த 1 போட்டிருந்தால் மேலே நான் சொன்னது செல்லாது. நம் எழுத்தில் தேடினால் ப கண்ணாடியில் மாறாது, ஃ மாறாது. மலையாளத்தில் ட வரிசையின் இரண்டாவது எழுத்து சுத்தமான வட்டம், அதை என்ன செய்தாலும் அசையாது. இங்கே பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தும் தெரியும் என்பதால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விட்டது ஒருநாள்.

இன்னொன்று, தலைப்பில் கண்ணாடி பிம்பம் என்று போட்டுவிட்டுக் கண்ணாடிக் கோட்டைப் படத்துக்குக் கீழே படுக்கையாக வரைந்திருப்பார்கள். அப்போது அது நீர் பிம்பம்தான். பெயரைப் படிக்காமல் கோட்டைப் பார்க்க வேண்டும்.

எட்டு இருபத்தைந்து

சரி, தண்ணீர்க் கடிகாரம். இதற்கும் ஒரு கழித்தல் உண்டு, எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வதுதான். உண்மை நேரத்தை 18:30 இலிருந்து கழி. நிமிஷம் முப்பதைத் தாண்டியிருந்தால் அதையே 17:90 என்று வைத்துக் கழி. விடை பதின்மூன்று மணியோ அதற்கு மேலோ வந்தால் பன்னிரண்டைக் குறைத்துக்கொள். நானும் வருஷக்கணக்கில் இதைத்தான் கரும்பலகையில் எழுதிவந்தேன்.

அன்று ஒரு பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்த கேள்வி. கடிகாரம் 8:25 காட்டுகிறது, அதன் நீர் பிம்பம் எது? கீழே நான்கு கடிகாரப் படம், எண்கள் இல்லை. நான் கழித்தேன், 10:05. படங்களில் பெரிய முள் ஐந்து நிமிஷக் கோட்டில் நிற்பவை இரண்டு. ஒன்றில் சின்ன முள் பத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இன்னொன்றில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில், பாதியைச் சற்றுத் தாண்டி நின்றது. பத்தைத் தாண்டியதுதான் விடை என்று டிக் அடித்தேன். புத்தகத்தின் கடைசிப் பக்க விடை மற்றதைச் சொன்னது.

"அச்சுப்பிழை" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குச் சின்ன முள் பத்தின்மேல் இருக்க வேண்டும், ஒன்பதரையில் என்ன வேலை என்று விளக்கமும் கொடுத்தேன். பிள்ளைகள் புத்தகத்தில் அடித்துத் திருத்திக்கொண்டார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் திருத்தவில்லை. அவள் தன் நோட்டில் 8:25 ஐ வரைந்து, தாளைக் கீழிருந்து மேலே புரட்டி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலண்டர் தாள் வித்தை, நான் சொல்லிக்கொடுத்ததுதான். "சார், எனக்கு அந்தப் படந்தான் வருது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். சின்ன முள் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில். நீ எட்டு இருபத்தைந்தைச் சரியாக வரையவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சரியாகத்தான் வரைந்திருந்தாள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், பாதிக்குச் சற்று முன்னால் சின்ன முள். அப்புறம் அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அப்ப இது எந்த மணி சார்? இப்பிடி ஒரு மணி கடிகாரத்துல வருமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி வகுப்பை முடித்தேன்.

வாசகசாலைக்குப் பின்னால் ஒரு கல்தொட்டி இருக்கிறது, முன்பு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் முயன்றேன், வெள்ளை அடிப்பாகம் தெரிந்ததே தவிர பிம்பம் தெரியவில்லை. தொட்டியின் உள்பக்கம் பாசி பிடித்துக் கறுத்திருந்ததால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வாசகசாலைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, முள்ளைத் திருப்பிச் சரியாக ஆறு மணி வைத்தேன். எட்டு இருபத்தைந்தைவிட ஆறு மணியில் சங்கதி பளிச்சென்று தெரியும் என்று தோன்றியது. தொட்டி விளிம்பில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள அந்தப் பெண்ணும் இன்னொரு பையனும் வந்தார்கள். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து எட்டிப் பார்த்தோம்.

பெரிய முள் நேர் கீழே, சின்ன முள் நேர் மேலே. எண்களை மறந்துவிட்டுப் பார்த்தால் பன்னிரண்டரை. 18:30 இலிருந்து 6:00 ஐக் கழித்தாலும் 12:30 தான் வருகிறது. ஆனால் எந்த நல்ல கடிகாரத்திலும் பன்னிரண்டரைக்குச் சின்ன முள் நேர் மேலே நிற்காது, பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் சரிபாதியில் நிற்கும். தண்ணீரில் இருந்த முள் அரை மணி பின்னால் இருந்தது. பையன் சொன்னான், "ரிப்பேர் கடிகாரமாட்ட இருக்குது."

ரிப்பேர் கடிகாரம்தான். பேட்டரியைத் திரும்பப் போடும்போதே எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது, கண்ணாடியை வைத்துப் பார்த்தால் எளிது. கண்ணாடியில் இரண்டு முள்ளும் மேலே பன்னிரண்டையே தொடக்கமாக வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. பன்னிரண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் முட்களுக்குள் இருக்கும் உறவு கெடுவதில்லை, சலூனில் நான் பார்த்த ஐந்து நாற்பது எல்லா விதத்திலும் அசல் ஐந்து நாற்பதாகவே இருந்தது. சின்ன முள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது. தண்ணீரில் பன்னிரண்டு கீழே போய்விடுகிறது, அதாவது இரண்டு முள்ளுக்கும் தொடக்கம் அரை வட்டம் நகர்கிறது. பெரிய முள்ளுக்கு அரை வட்டம் என்றால் முப்பது நிமிஷம். சின்ன முள்ளுக்கு அரை வட்டம் என்றால் சரியாக ஆறு மணி நேரம், அதற்கு மேல் நிமிஷமே இல்லை. பெரிய முள் அரை மணியைச் சேர்த்துக்கொள்கிறது, சின்ன முள்ளுக்கு அது தெரியாது. அந்த அரை மணிக்குச் சின்ன முள் 15 பாகை நகர்ந்திருக்க வேண்டும், முகத்தில் இரண்டரை நிமிஷக் கோட்டு அளவு. எந்த நேரத்தை வைத்தாலும் இந்த 15 பாகை அப்படியே இருக்கும், கூடாது, குறையாது. ஆக, கண்ணாடிக் கடிகாரம் காட்டுவது எப்போதும் ஒரு நிஜமான நேரம். தண்ணீர்க் கடிகாரம் காட்டுவது ஒருபோதும் நிஜமான நேரம் இல்லை.

18:30 சூத்திரம் என்ன செய்கிறது என்றால், பெரிய முள்ளை நம்பி நிமிஷத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, சின்ன முள்ளை அரை மணி முன்னால் தள்ளி நாகரிகமான ஒரு நேரமாக ஆக்கிக் கொடுக்கிறது. அது பிம்பத்தின் படம் அல்ல, பிம்பத்துக்கு வைத்த பெயர். படம் கேட்ட கேள்விக்கு நான் பெயரை வரைந்து பார்த்துவிட்டேன். புத்தகத்தில் பிழையே இல்லை.

அதோடு போகவில்லை. எட்டு இருபத்தைந்தின் பிம்பத்தை முள் நின்ற இடத்தை வைத்துப் படித்தால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் சின்ன முள், ஐந்து நிமிஷக் கோட்டில் பெரிய முள், அதாவது 9:05 என்று படிப்பார்கள். சூத்திரம் 10:05 என்கிறது. இரண்டையுமே விடைகளில் வைத்திருக்கும் கேள்வியை நானே பிறகு பார்த்தேன். இது எல்லா நேரத்துக்கும் வருவதில்லை. பிம்பத்தில் பெரிய முள் வலப்பாதியில் இருந்தால் மட்டும் சின்ன முள் முந்தைய மணிக் கட்டத்துக்குள் விழும். இடப்பாதியில் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். 6:45 ஐப் பாருங்கள், 17:90 இலிருந்து கழித்தால் 11:45. தண்ணீரில் சின்ன முள் பதினொன்றைக் கால்வாசி தாண்டி நிற்கும், நிற்க வேண்டிய முக்கால் இடம் அது இல்லை, ஆனாலும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான். இத்தனை நாள் நான் பலகையில் போட்ட உதாரணங்கள் அந்தப் பக்கமாகவே விழுந்திருக்க வேண்டும், அதனால் மாட்டவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் வேலையாக, அச்சுப்பிழை என்று நான் அடிக்கச் சொன்னதைத் திரும்ப எழுதச் சொன்னேன். சிலர் பேனாவால் அடித்திருந்தார்கள், அந்தப் பக்கம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. இப்போது நான் சொல்வது இப்படி. கேள்வியில் நேரம் எண்ணாகவும் விடைகளும் எண்ணாகவும் இருந்தால் 18:30 இலிருந்து கழித்துவிட்டுப் போய்க்கொண்டே இரு, அவர்கள் எதிர்பார்ப்பது அதுதான். விடைகள் படமாக இருந்தால் சூத்திரத்தின் பக்கமே போகாதே. ஒன்பதையும் மூன்றையும் இணைத்து மனதில் ஒரு படுக்கைக் கோடு போட்டு, ஒவ்வொரு முள்ளையும் அந்தக் கோட்டுக்கு மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக மடக்கு. பெரிய முள் 25 இல் இருந்தது, மேலே மடங்கினால் 5. சின்ன முள் எட்டைத் தாண்டி ஒன்பதை நோக்கி எவ்வளவு போயிருந்ததோ, மேலே பத்தைத் தாண்டி ஒன்பதை நோக்கி அவ்வளவே போயிருக்கும். கிடைத்த படத்தில் இரண்டு முள்ளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் பயப்படாதே, பொருந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடி பிம்பம் கேட்கும் கேள்வியில் இதற்கு நேர் எதிர், அங்கே பொருந்தாத படத்தை முதலிலேயே கழித்துவிடலாம்.

சில புத்தகங்களில் படம் வரைந்தவரே சின்ன முள்ளைச் சரியாக மணிக்கோட்டின்மேல் ஒட்டிவிடுகிறார், 8:25 க்கும் நேர் எட்டில் முள். அங்கே இந்த நுணுக்கம் எதுவும் செல்லாது, அவர் வரைந்ததை அப்படியே மடக்க வேண்டியதுதான்.

போன மாதம் மறுபடி அந்தச் சலூனுக்குப் போனேன். கடிகாரம் அதே இடத்தில். எதிர்ச் சுவரில் மாட்டினால் என்ன என்று கேட்டேன். அங்கே கண்ணாடி இருக்கிறதே, ஆணி அடிக்க இடம் ஏது என்றார். நான் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் கண்ணாடியைப் பார்த்து, "மணி ஆறு அஞ்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஐந்து ஐம்பத்தைந்து என்றேன். அவர் நம்பவில்லை, கழுத்தில் துணியோடு திரும்பிப் பார்த்தார், கத்தரிக்கோல் காதருகே நின்றது.